தவணை அதேதான், மாதங்கள் மட்டும் கூடிவிட்டன: ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதாமாதம் அதே இ.எம்.ஐ.தான் போகிறது. அப்புறம் எப்படி கடன் முடியும் தேதி தள்ளிப்போகும்?

நீங்கள் கட்டும் தவணையை வங்கி எந்த வரிசையில் எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் அந்த மாத வட்டி. அது போக மிஞ்சுவதுதான் அசலில் கழியும். வட்டி விகிதம் ஏறினால் வட்டிப் பங்கு பெருகும், தவணை அதே தொகை என்பதால் அசலுக்குப் போகும் பங்கு அதே அளவு சுருங்கும். அசல் மெதுவாகக் கரைந்தால் முடிய அதிக மாதம் ஆகும், அவ்வளவுதான் விஷயம்.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே கடனை வைத்துப் பேசுகிறேன், அப்போதுதான் எண்கள் மனதில் நிற்கும். 30 லட்சம் ரூபாய், 20 வருடம், அதாவது 240 தவணை, வட்டி 6.75 சதவீதம். ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி; 2022 ஏப்ரலில் அது 4 சதவீதமாக இருந்தது, அதன் மேல் வங்கி 2.75 வைத்தால் 6.75 வரும். இதற்கு இ.எம்.ஐ. 22,811 ரூபாய். முதல் மாத வட்டி, 30 லட்சத்துக்கு 6.75 சதவீதத்தை 12-ஆல் வகுத்தால், 16,875 ரூபாய். மிச்சம் 5,936 ரூபாய்தான் அசலுக்கு. இந்த 5,936 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இனி வரும் எல்லாப் பதிலும் அதைச் சுற்றித்தான்.

ஏறியது வெறும் அரை சதவீதம். அதற்கு எப்படி 23 மாதம் கூடும்?

அரை சதவீதம் என்பது 30 லட்சத்துக்கு மாதம் 1,250 ரூபாய். தவணையான 22,811-ஓடு ஒப்பிட்டால் சின்னத் தொகையாகத் தெரியும், ஆனால் அந்த 1,250 எங்கிருந்து போகிறது என்று பாருங்கள். அசலுக்கான 5,936-இலிருந்துதான் போகிறது. மிஞ்சுவது 4,686. அதாவது கடனைக் கரைக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் காணாமல் போய்விட்டது. 6.75 சதவீதம் 7.25 ஆனால் 240 தவணை 263 ஆகிறது.

கூடிய 23-ஐயும் உங்கள் தவணைத் தொகையால் பெருக்கினால் ஏறக்குறைய 5.2 லட்சம் ரூபாய். அரை சதவீத உயர்வின் விலை அது. இன்றைக்குப் பையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போகவில்லை என்பதால்தான் யாருக்கும் உறைப்பதில்லை.

அப்படியானால் ஒவ்வொரு அரை சதவீதத்துக்கும் 23 மாதம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது, இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். ஒவ்வொரு அரை சதவீதமும் அசல் பங்கிலிருந்து அதே 1,250 ரூபாயைத்தான் எடுக்கிறது, ஆனால் எடுக்கப்படும் குவியல் ஒவ்வொரு தடவையும் சிறிதாகிக்கொண்டே வருகிறது. 7.25-இல் அசலுக்கு 4,686 போகிறது. 7.75-இல் 3,436. 8.25-இல் 2,186. 8.75-இல் 936 ரூபாய் மட்டும்.

மாதங்கள் எப்படித் தாவுகின்றன என்று பாருங்கள். 7.75 சதவீதத்தில் கடன் முடிய ஏறக்குறைய 294 மாதம், 8.25-இல் 343 மாதம், 8.75-இல் 440 மாதம். 440 மாதம் என்றால் 36 வருடம் 8 மாதம். முதல் அரை சதவீதம் 23 மாதம் கூட்டியது, அடுத்தது 31, அதற்கடுத்தது 48 அல்லது 49, நான்காவது ஒரேயடியாக 97. உயர்வு ஒரே அளவுதான், கூடும் மாதங்கள்தான் ஒவ்வொரு படிக்கும் வேகமெடுக்கின்றன. போன முறை வட்டி ஏறியபோது 'ரெண்டு வருஷம்தானே' என்று விட்டவர் அடுத்த உயர்வுக்கும் அதே இரண்டு வருடத்தை எதிர்பார்க்க முடியாது.

அனுபவத்தில் நான் வைத்திருக்கும் ஒரு அளவுகோல் உண்டு. உங்கள் தவணையில் வட்டிப் பங்கு 90 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் அது அபாய எல்லை. நம் கடனில் 8.25-இல் அது நடக்கிறது, அடுத்த அரை சதவீதத்துக்கு எட்டு வருடம் கூடுவதும் அங்கேதான்.

இன்னும் அரை சதவீதம் ஏறினால் என்ன ஆகும்?

9.25 சதவீதத்தில் 30 லட்சத்துக்கு மாத வட்டி 23,125 ரூபாய். தவணை 22,811. கட்டுகிற பணம் வட்டிக்கே 314 ரூபாய் போதவில்லை. அந்த 314 அசலில் சேரும், அடுத்த மாதம் அதற்கும் சேர்த்து வட்டி. தவணை தவறாமல் கட்டிக்கொண்டே இருப்பீர்கள், கடன் வளர்ந்துகொண்டே இருக்கும். எத்தனை வருடம் கட்டினாலும் முடியாது.

இது கற்பனை எண் இல்லை. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போவை ஆறு தடவையில் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது. மொத்தம் 2.5 சதவீதம், நம் கடன் 6.75-இலிருந்து 9.25-க்குப் போகும் அதே தூரம். இடையில் கட்டிய தவணைகளில் அசல் கொஞ்சம் குறைந்திருக்கும், ஆனாலும் 2022 தொடக்கத்தில் இவ்வளவு குறைந்த வட்டியில் 20 வருடக் கடன் எடுத்த ஒருவருக்கு பழைய தவணை ஏறக்குறைய வட்டிக்கே சரியாகப் போய்விடும். அதனால்தான் அந்த ஒரு வருடத்தில் நிறைய வீடுகளில் முதலில் காலம் நீண்டது, அப்புறம் ஒரு கட்டத்தில் இ.எம்.ஐ.யும் ஏறியது.

அதே வங்கி, அதே வட்டி உயர்வு. என் நண்பருக்கு ஐந்து மாதம்தான் கூடியது, எனக்கு மட்டும் ஏன் இத்தனை வருடம்?

நண்பர் கடன் எடுத்து ரொம்ப நாள் ஆகியிருக்கும். நம் 30 லட்சக் கடனையே எடுத்துக்கொள்வோம், 15 வருடம் கட்டி முடித்து இன்னும் 60 தவணை பாக்கி இருக்கிறது என்று வையுங்கள். மீதி அசல் சுமார் 11.59 லட்சம். மாத வட்டி 6.75-இல் 6,500 ரூபாய் அளவு, தவணையில் பெரும்பகுதி அசலுக்கே போய்க்கொண்டிருக்கிறது. இங்கே வட்டி நேராக 9.25-க்குத் தாவினாலும் மாத வட்டி சுமார் 8,930 ஆகும், அசலுக்கு இன்னும் பதிமூன்றாயிரத்துக்கு மேல் மிஞ்சுகிறது. 60 தவணை 65 ஆகும். அவ்வளவுதான்.

பாதி வழியில், 120 தவணை பாக்கி இருக்கும்போது அதே 2.5 சதவீத உயர்வு வந்தால் 145 ஆகும், 25 மாதம் கூடுதல். புதிதாக எடுத்தவருக்கோ கடன் முடிவதே இல்லை. பாக்கி நீளமாக இருக்கும் கடனில்தான் வட்டி உயர்வு ஆழமாக வெட்டும். அதனால் அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரர் 'எனக்கு ஒண்ணும் பெருசா தெரியல' என்று சொன்னால் அதை வைத்து உங்கள் கடனை எடை போடாதீர்கள்.

என்னைக் கேட்காமலேயே காலத்தை நீட்டிவிட்டார்கள். அப்படிச் செய்யலாமா?

பல வருடம் அப்படித்தான் நடந்தது. வங்கிக்கும் அது வசதி: தவணைத் தொகை மாறாவிட்டால் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டைத் தொட வேண்டியதில்லை, வாடிக்கையாளருக்கும் அந்த மாதம் எதுவும் தெரியாது. என் கடனிலும் இதுதான் நடந்தது. வருடக் கடைசியில் வருமான வரிக்காக வட்டிச் சான்றிதழ் வாங்கப் போனபோதுதான் கடன் முடியும் வருடம் மாறியிருப்பதைப் பார்த்தேன். கேட்டதற்கு 'சிஸ்டத்தில் தானாக மாறிவிடும் சார்' என்றார்கள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை, இந்தப் பக்கத்தை எழுதுவதற்கே அதுதான் காரணம்.

2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி இதற்கென்றே ஒரு சுற்றறிக்கை போட்டது. பழைய கடன்கள், புதுக் கடன்கள் எல்லாவற்றுக்கும் அந்த வருடம் டிசம்பர் 31-க்குள் அமலாக வேண்டும் என்று சொன்னது. அதன்படி வட்டி மாறும்போது தவணையிலோ காலத்திலோ வரும் மாற்றத்தை வங்கி உங்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். இ.எம்.ஐ.யை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்குத் தர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் ஒரு பகுதியையோ முழுவதையுமோ முன்கூட்டியே கட்டும் வாய்ப்பும் உண்டு. மேலே ஒரு பதிலில் சொன்னேனே, தவணை வட்டிக்கே போதாமல் கடன் வளர்வது, அந்த நிலைக்குக் காலநீட்டிப்பு கொண்டுபோகக் கூடாது என்றும் அதில் இருக்கிறது.

பிராஞ்சில் வாய் வார்த்தையாகக் கேட்டால் பதிலும் வாய் வார்த்தையாகத்தான் வரும். மின்னஞ்சலிலோ கடிதத்திலோ கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ பதில் திருப்தியாக இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது.

என் கடனில் எத்தனை மாதம் கூடியிருக்கிறது என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று எண்கள் போதும்: இன்றைய மீதி அசல், இப்போதைய வட்டி விகிதம், இ.எம்.ஐ. மேலே சொன்ன அதே சுற்றறிக்கைப்படி ஒவ்வொரு காலாண்டுக்கும் வங்கி ஒரு ஸ்டேட்மென்ட் தர வேண்டும். அதில் இதுவரை பிடித்த அசலும் வட்டியும், தவணைத் தொகை, பாக்கித் தவணைகளின் எண்ணிக்கை, வருடாந்திர வட்டி விகிதம் எல்லாம் இருக்க வேண்டும். வந்ததும் பாக்கித் தவணை எண்ணிக்கையைத்தான் முதலில் பாருங்கள். போன காலாண்டைவிட மூன்று குறைந்திருந்தால் சரி. குறையவில்லை, அல்லது கூடியிருக்கிறது என்றால் இடையில் வட்டி ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் ஒரு வரி போதும்:

```
=NPER(7.25%/12,-22811,3000000)
```

இதற்கு 262.75 என்று விடை வரும், அதாவது 263 தவணை, கடைசித் தவணை மட்டும் சிறியது. உங்கள் வட்டி, தவணை, மீதி அசலை அதே இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள், தவணைக்கு முன்னால் உள்ள கழித்தல் குறியை விட்டுவிட வேண்டாம். `#NUM!` என்று வந்தால் எண்களை ஒரு தடவை சரிபாருங்கள்; சரியாகவே போட்டிருந்தும் அப்படியே வருகிறது என்றால் தவணை வட்டிக்கே போதவில்லை என்று பொருள், அன்றைக்கே வங்கிக்குப் போங்கள்.

உங்கள் விடைக்கும் வங்கி சொல்வதற்கும் ஒன்றிரண்டு தவணை வித்தியாசம் வருவது இயல்பு. வட்டியை எந்தத் தேதியிலிருந்து மாற்றினார்கள் என்பதில் அது வரும். ரெப்போவோடு கட்டிய கடன்களில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வட்டியை மாற்றியமைக்க வேண்டும் என்பது விதி, ஆனால் ரெப்போ ஏறிய அன்றே உங்கள் கடனில் ஏற வேண்டும் என்றில்லை. பத்துப் பன்னிரண்டு தவணை வித்தியாசம் என்றால் வேறு ஏதோ இருக்கிறது, முழுத் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

இ.எம்.ஐ.யை ஏற்றிக்கொள்வது நல்லதா, நீட்டியபடி விடுவது நல்லதா?

மாதம் எவ்வளவு கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும் என்று முதலில் பாருங்கள், பெரும்பாலானவர்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும். 6.75 சதவீதம் 7.25 ஆனபோது 240 தவணையிலேயே முடிக்க வேண்டும் என்றால் புது இ.எம்.ஐ. 23,711. மாதம் 900 ரூபாய் கூடுதல். 240 மாதத்துக்கும் சேர்த்து 2.16 லட்சம். நீட்டியபடி விட்டால் கூடுதலாகப் போவது 5.2 லட்சம் என்று பார்த்தோம். 20 வருடம் கழித்துக் கட்டும் ரூபாயின் மதிப்பு இன்றைய ரூபாயைவிடக் குறைவுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் மாதம் 900 ரூபாய் தாங்கும் குடும்பம் அதை ஏற்றுக்கொள்வதுதான் சரி என்பது என் கருத்து.

8.25 வரை போனால் கணக்கு கடினமாகிறது. 240-இலேயே நிற்க 25,562 கட்ட வேண்டும், 2,751 ரூபாய் கூடுதல். பிள்ளைகள் ஃபீஸும் வீட்டுச் செலவும் ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டில் இது முடியாமல் போகலாம். அங்கே இரண்டையும் கலந்து கேளுங்கள்: ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ ஏற்றிவிட்டு மிச்சத்தைக் காலத்தில் எடுத்துக்கொள்வது. 8.25-இல் அசலுக்குப் போவது வெறும் 2,186 என்பதால், அதோடு சேரும் ஒவ்வொரு ஆயிரமும் கடனைக் கரைக்கும் வேகத்தை ஏறக்குறைய பாதி அளவுக்குக் கூட்டும்.

சம்பளம் தடுமாறுகிறது, வேலை போயிருக்கிறது, வீட்டில் மருத்துவச் செலவு என்றால் தயங்காமல் நீட்டியபடி விடுங்கள். காலநீட்டிப்பு இருப்பதே அதற்குத்தான். நிலைமை சரியானதும் திரும்பப் போய் இ.எம்.ஐ.யை ஏற்றச் சொல்லலாம்.

கையில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் இருக்கிறது. மொத்தமாகக் கட்டினால் கூடிய மாதங்கள் போய்விடுமா?

7.25 சதவீத நிலையில், கடனின் தொடக்கத்தில், சுமார் 1.14 லட்சம் கட்டினால் அதே 22,811 தவணையில் மறுபடி 240-க்கு வந்துவிடலாம். 23 தவணையும் மறைந்துவிடும். தனிநபர் எடுத்த ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது, ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்கு அதைத் தடை செய்துவிட்டது.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். பார்ட் பேமென்ட் கட்டியதும் காலத்தை அப்படியே வைத்துக்கொண்டு இ.எம்.ஐ.யைக் குறைத்துவிடும் வழக்கமும் உண்டு. அப்படிச் செய்தால் தவணை சில நூறு ரூபாய் குறையும், கூடிய 23 மாதம் அப்படியே நிற்கும். 'தவணைத் தொகை மாற வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்' என்று எழுத்தில் கொடுங்கள். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் பாக்கி எண்ணிக்கை விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வட்டி திரும்ப இறங்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்தானே?

முழுசாக ஆகாது. நம் கடன் முதல் இரண்டு வருடம் 8.25-இல் ஓடியது, தவணை மாறவில்லை, அப்புறம் வட்டி திரும்ப 6.75-க்கே வந்துவிட்டது என்று வையுங்கள். வட்டி ஏறாமலே இருந்திருந்தால் 24 தவணை கட்டிய பிறகு மீதி அசல் 28.48 லட்சமாக இருந்திருக்கும், பாக்கி 216 தவணை. இப்போதோ மீதி அசல் 29.43 லட்சம், பாக்கி 231 தவணை. வட்டி தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது, 15 மாதம் மட்டும் உங்கள் தலையில் நிற்கிறது. அந்த இரண்டு வருடத்தில் கரையாமல் போன அசல்தான் அது.

2025-இல் ரெப்போ 6.5-இலிருந்து படிப்படியாக 5.25-க்கு இறங்கியது. இறங்கும்போதும் பல கடன்களில் தவணை அப்படியே இருந்து காலம் சுருங்கும், அது உங்களுக்கு நல்லது. அந்த நேரத்தில் இ.எம்.ஐ.யைக் குறைத்துத் தருகிறோம் என்று சொன்னால், பணமுடை இல்லாதவரை ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் சொன்ன அந்த 5,936-ஐத் திரும்பப் பெருக்க இதைவிட எளிய வழி இல்லை, ஏற்கெனவே பழகிப்போன தொகையைத்தானே கட்டப்போகிறீர்கள்.

வங்கி எத்தனை வருடம் வரை நீட்டிக்கொண்டே போகும்?

வங்கிக்கு வங்கி உச்சவரம்பு உண்டு. பொதுவாக மொத்தம் 30 வருடம், அதோடு கடன் முடியும்போது உங்கள் வயது இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு எல்லை. உங்கள் கடன் ஒப்பந்தத்தில் இரண்டும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். இரண்டில் எது முதலில் வருகிறதோ அங்கே நீட்டிப்பு நின்றுவிடும், அதன் பிறகு வரும் வட்டி உயர்வு நேராக இ.எம்.ஐ.யில்தான் விழும். அதுவும் சின்னதாக விழாது.

வங்கியின் எல்லையைவிட உங்கள் சம்பளத்தின் எல்லை முக்கியம். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 60. நாற்பதில் 20 வருடக் கடன் எடுத்தவருக்கு ஓய்வு பெறும் மாதமும் கடைசித் தவணையும் ஒன்றாக வரும்படி கணக்கு இருந்திருக்கும். 263 ஆனால் ஏறக்குறைய இரண்டு வருடத் தவணை பென்ஷனிலிருந்து போகும், 294 ஆனால் நாலரை வருடம்.

இன்னொன்று, கடனோடு சேர்த்து எடுத்த காப்பீடு. கடன் தொகை குறையக் குறையக் காப்பீட்டுத் தொகையும் குறையும் வகை பாலிசிகள் பெரும்பாலும் முதல் நாள் போட்ட அட்டவணைப்படிதான் குறைந்துகொண்டு வரும். உங்கள் கடன் மெதுவாகக் கரைகிறது என்பது அதற்குத் தெரியாது. மேலே சொன்ன இரண்டு வருட உதாரணத்தில் பாலிசி 28.48 லட்சத்துக்கு வந்திருக்கும், கடன் 29.43 லட்சத்தில் நிற்கும். ஏதாவது நடந்தால் அந்த 95,000 ரூபாய் குடும்பத்தின் மேல் விழும். 20 வருடம் முடிந்ததும் பாலிசி முடிந்துவிடும், கூடிய மாதங்களுக்குப் பாதுகாப்பே இருக்காது. காலம் நீண்ட கடன் வைத்திருப்பவர்கள் பாலிசி பத்திரத்தில் உள்ள அட்டவணையையும் இன்றைய மீதி அசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் தனியாக ஒரு டெர்ம் பாலிசி எடுத்து அதை மூடிக்கொள்ளலாம்.